பின்னால் நின்று திருத்தாதீர்கள்: ஓவிய வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓவிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்தோடு பென்சிலை வைத்துவிட்டுப் பல வருடங்கள் கழித்துத் தயங்கித் தயங்கி வந்து உட்காருகிறவர்களுக்குப் பார்த்து வரையச் சொல்லித்தருகிறீர்கள். நானும் அதே வேலையைச் செய்கிறவன்தான். உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன்.

பயந்து வருகிறவருக்கு, தன் படத்தைத் தானே சரிபார்க்கும் வழியை முதலில் கொடுங்கள். உங்கள் கருத்தை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

நம் வகுப்புகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. மேசையில் ஒரு பொருளை வைக்கிறோம். "பாத்து வரைங்க" என்கிறோம். அவர் வரைகிறார். நாம் சுற்றி வந்து, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இது கொஞ்சம் கோணலா இருக்கே" என்கிறோம். வரைகிற நேரம் முழுக்க அவருக்குத் தன் கோடு சரியா தவறா என்று தெரியாது. தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே வழி நம் வாய். எப்போது வருவோம், என்ன சொல்வோம் என்று காத்திருக்கிறாரே, பயம் அங்கேதான் இருக்கிறது. பொருள் கடினமானது என்பதால் வருகிற பயம் அதில் கொஞ்சம்தான். எளிய பொருளைக் கொடுத்தாலும் பயம் குறையாததற்கு அதுவே காரணம். சொல்லப்போனால் எளிய பொருளில் அது கூடவே செய்யும். "இதுகூடவா வரலை?" என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்வார்.

பயத்தை முகத்தில் தேட வேண்டாம், தாளில் பாருங்கள். தாளின் மூலையில் தீப்பெட்டி அளவுக்குப் படம் ஒடுங்கியிருக்கும். ஒரே கோட்டை இழுக்காமல் மயிர் மயிராகச் சின்னக் கீறல்களை அடுக்கியிருப்பார். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கும். இன்னொரு அடையாளத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். தலை குனிந்தபடியே இருக்கும். பொருளை ஒருமுறை பார்த்துவிட்டு, மனதில் பதிந்ததை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் தாளிலேயே போராடுவார். 2005இல் டேல் கோஹன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையே அளந்து பார்த்தது. பொருளுக்கும் தாளுக்கும் இடையே அடிக்கடி பார்வையை மாற்றுகிறவர்களின் படங்கள் கூடுதல் துல்லியமாக இருந்தன. நீளமாகப் பார்ப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பார்ப்பது உதவுகிறது. பயந்தவர் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார். பொருள் அவரைத் திட்டுவதில்லை. ஆனாலும் தவறு நடக்கிற இடம் தாள் என்பதால் கண்ணை அங்கேயே வைத்துக் காவல் காக்கிறார்.

"பெருசா வரைங்க", "பயப்படாம இழுங்க" என்று சொல்வதால் இவற்றில் எதுவும் மாறுவதில்லை. மூலையில் சுருங்குகிறவருக்கு, தாளில் மேலே ஒரு சின்னக் கோடும் கீழே ஒரு சின்னக் கோடும் போட்டு, "தலை இங்க, அடி இங்க" என்று எல்லையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அளவு என்ற முடிவை அவர் ஒருமுறை எடுத்தால் போதும், ஒவ்வொரு கோட்டிலும் எடுக்க வேண்டியதில்லை. படம் தானாகவே தாளை நிறைக்கும்.

இனி முதல் வகுப்பில் எந்தப் பொருள் என்ற கேள்வி. கோப்பை, பந்து, புட்டி என்று தொடங்குவது நம் வழக்கம். உருவம் எளிது என்று நினைக்கிறோம். ஆனால் இடமும் வலமும் ஒத்திருக்கிற பொருளில் சின்னப் பிசகுகூட உடனே கண்ணில் குத்தும். புட்டியின் ஒரு தோள் இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் அது கோணல் புட்டி. காய்ந்து சுருண்ட ஓர் இலையின் ஓரம் இரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலும் அது இலைதான். கசக்கி விரித்த காகிதம், முடிச்சுப் போட்ட துணி, மரத்தின் வேர்த்துண்டு, தேய்ந்த பழைய செருப்பு போன்றவற்றுக்கு, பார்க்கிறவர் மனதில் ஏற்கெனவே ஒரு சரியான படம் கிடையாது. ஒப்பிட்டுத் தன்னையே தண்டித்துக்கொள்ள அவருக்கு வழியில்லாமல் போகிறது. ஆகவே முதல் நாளில் இலையோ காகிதமோ வையுங்கள், கோப்பை இரண்டாம் வகுப்புக்கு இருக்கட்டும். முகமும் கையும் முதல் மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

அந்த இலையை வைத்துச் செய்யக்கூடிய நல்ல பயிற்சி நீங்கள் எல்லோரும் அறிந்ததுதான். தாளைப் பார்க்காமல் வெளிக்கோட்டை வரைவது. கிமோன் நிக்கொலைடஸ் தன் மாணவர்களுக்குச் சொல்லித்தந்து, அவர் இறந்த பிறகு 1941இல் வெளியான பாடநூல் மூலம் பரவிய முறையிலிருந்து வந்தது அது. பென்சில் நுனி இலையின் ஓரத்தையே தொட்டுக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டு, கண் நகர்கிற அதே வேகத்தில் கையும் நகர வேண்டும். ஓர் எறும்பு அந்த ஓரத்தில் நடந்தால் எவ்வளவு மெதுவாகப் போகுமோ அவ்வளவு மெதுவாக. ஐந்து நிமிடம் போதும். ஒரு சின்னத் தாளில் ஓட்டை போட்டுப் பென்சிலில் மாட்டிவிட்டால் கை மறைந்துகொள்ளும், எட்டிப் பார்க்கும் ஆசையும் போய்விடும்.

ஆனால் இதை முன்னறிவிப்பு இல்லாமல் பயந்தவருக்குக் கொடுப்பது கொடுமை. ஐந்து நிமிடம் கழித்துத் தாளைப் பார்த்தால் இலையின் காம்பு நடுவயிற்றில் முளைத்திருக்கும், தொடங்கிய இடமும் முடித்த இடமும் சந்தித்திருக்காது. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு வரும். சிரித்தவர் தன் படத்தைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார், அது இவருக்குத் தெரியாது. அதனால் தொடங்கும் முன்பே விளைவைச் சொல்லிவிடுங்கள். "இது இலை மாதிரி வராது. வந்தா நீங்க தாளைப் பாத்துட்டீங்கன்னு அர்த்தம்." நீங்களே எல்லோர் முன்னாலும் ஒன்று வரைந்து, உங்கள் காம்பும் வயிற்றில் முளைப்பதைக் காட்டுங்கள். முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். யாரும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் கண் எங்கே இருந்தது என்பதுதான் பயிற்சி. வந்த தாளை அப்படியே குப்பையில் போட்டாலும் நஷ்டமில்லை.

இந்தப் பயிற்சிக்கு ஓர் எல்லை உண்டு. இது மெதுவாகப் பார்க்கப் பழக்கும். எது எவ்வளவு அகலம், எது எதைவிட உயரம் என்பதை இது கற்றுத்தராது. வாரக்கணக்கில் இதையே செய்ய வைத்தால், ரசனையான கோடு போடுகிறவர்கள் கிடைப்பார்கள், அளவு வராது. பிறகு ஒருநாள் கோப்பை முன்னால் உட்காரும்போது பழைய பயம் அப்படியே திரும்பி வரும். ஆகவே ஒரு வகுப்பு, மிஞ்சினால் அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம். அவ்வளவு போதும்.

படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைய வைப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1979இல் பெட்டி எட்வர்ட்ஸின் புத்தகம் இதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. பயந்தவருக்கு அது ஒரு மணி நேரத்தில் ஆச்சரியமான வெற்றியைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் அங்கே அவர் பார்ப்பது ஏற்கெனவே யாரோ தட்டையாக்கிவிட்ட கோடுகளை. ஆழமுள்ள ஒரு பொருளைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும் கடினமான வேலையை முதல் ஓவியர் செய்து முடித்துவிட்டார். அந்த வெற்றியோடு வீட்டுக்குப் போனவர் மறுவாரம் உண்மையான பொருள் முன்னால் தடுமாறும்போது, முன்பைவிட ஒரு படி கீழே விழுகிறார். செய்யலாம், ஆனால் அதன்மேல் எதையும் கட்டாதீர்கள்.

இப்போது கோப்பைக்கு வருகிறேன். இந்த மடலே அதற்காகத்தான்.

கைப்பிடி இல்லாத, நேரான சுவர் கொண்ட ஒரு கோப்பையை எடுத்துக்கொள்வோம். உயரம் 9 சென்டிமீட்டர், வாயின் அகலம் 8. ஒருவர் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கோப்பை அவரிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. அவர் கண் கோப்பையின் விளிம்பைவிட 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவருக்கு அந்த வட்டமான வாய் நீள்வட்டமாகத் தெரியும். எவ்வளவு ஒடுங்கிய நீள்வட்டம்? கணக்குப் போட்டால், அகலம் 8 என்றால் திறப்பின் உயரம் 3. அகலத்துக்குள் அந்த உயரம் இரண்டரைத் தடவைக்கு மேலே போகும்.

புதிதாக வரைகிறவர் அநேகமாக 8க்கு 5 என்று வரைவார். வாய் விரிந்து, கோப்பை நம்மை நோக்கிச் சாய்ந்த மாதிரி இருக்கும். பிறகு அடிப்பக்கத்தை ஸ்கேல் வைத்த மாதிரி நேர்க்கோடாக முடித்துவிடுவார். உண்மையில் அடிவிளிம்பு கண்ணிலிருந்து இன்னும் கீழே இருப்பதால், வாயைவிட அதன் வளைவு சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும். 8க்கு மூன்றரை. அதன் முன்பாதி மட்டும்தான் நமக்குத் தெரியும்.

ஏன் எல்லோரும் ஒரே திசையில் தவறுகிறார்கள்? கையின் கோளாறு என்றால் சிலர் ஒடுக்கியும் சிலர் விரித்தும் வரைந்திருக்க வேண்டும். 1931இல் ராபர்ட் தவ்லஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் சாய்ந்து கிடக்கும் வட்டத் தட்டை ஆட்களுக்குக் காட்டி, எந்த நீள்வட்டம் அதுபோல் தெரிகிறது என்று கேட்டார். அவர்கள் தேர்ந்தெடுத்தது கண்ணில் உண்மையில் விழும் வடிவத்துக்கும் முழு வட்டத்துக்கும் இடைப்பட்ட ஒன்றை. கோப்பையின் வாய் வட்டம் என்று மூளைக்குத் தெரியும், அந்த அறிவு பார்வைக்குள்ளேயே புகுந்து வாயை விரித்துவிடுகிறது. அடி நேர்க்கோடாவதும் அதே கதைதான். கோப்பை தட்டையான மேசைமேல் நிற்கிறது என்ற அறிவு அங்கே கோட்டை நேராக்குகிறது. கோஹனும் சூசன் பென்னட்டும் 1997இல் வெளியிட்ட கட்டுரையிலும், பார்த்து வரைவதில் வரும் பிழைகளுக்குக் கைத்திறனைவிடப் பொருளைத் தவறாகக் காண்பதே பெரிய காரணம் என்ற முடிவுக்கே வந்தார்கள்.

"எனக்குக் கை வராது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் நாம் சொல்ல வேண்டியது இதைத்தான். ஆறுதலாகச் சொல்லாதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். "உங்க கண்ணு வாயை விரிச்சுக் காட்டும். என் கண்ணும் அப்படித்தான் காட்டும். அதனாலதான் பென்சிலை நீட்டி அளக்கிறோம்."

அளப்பது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் புதியவர் எங்கே சறுக்குகிறார் என்று சொல்ல வேண்டும். கையை முழுக்க நீட்டி, முழங்கையைப் பூட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைப் பார்வைக்குக் குறுக்கே பிடிக்க வேண்டும். பென்சில் நுனியைத் திறப்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டை விரல் நகத்தைக் கீழ் விளிம்புக்கு நகர்த்த வேண்டும். அந்த அளவை அப்படியே பிடித்துக்கொண்டு பென்சிலைப் படுக்கையாகத் திருப்பி, அகலத்துக்குள் எத்தனை தடவை போகிறது என்று எண்ண வேண்டும். சென்டிமீட்டர் தேவையே இல்லை, தடவைக் கணக்கு போதும். சறுக்கல்கள் மூன்று. முழங்கை மடங்கும், அப்போது இரண்டு அளவுகளும் வெவ்வேறு தூரத்தில் எடுத்ததாகிவிடும். கோப்பை கீழே இருப்பதால் பென்சில் நுனி தன்னை அறியாமல் பொருளை நோக்கிச் சாயும், அப்போது உயரம் தவறும். எண்ணும்போது தலை முன்னே போகும். ஒரே அளவை மூன்று முறை எடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் சரி. ஒன்று இரண்டாகவும் இன்னொன்று மூன்றாகவும் வந்தால் இந்த மூன்றில் ஏதோ ஒன்று நடக்கிறது. இதை அவரே கண்டுபிடிக்க முடியும், நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த வகுப்பைக் கற்பனை செய்து பாருங்கள். பயந்து வந்த ஒரு பெண் 8க்கு 5 என்று வரைந்துவிட்டார். ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. பழைய முறைப்படி என்றால் நாம் போய் "வாய் ரொம்ப விரிஞ்சிருக்கு" என்று சொல்வோம். அவர் உடனே அழிப்பார், நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒடுக்குவார், நாம் தலையாட்டும் இடத்தில் நிறுத்துவார். கோடு திருந்திவிடும். அவர் அதில் கற்றது நம் முகத்தைப் படிப்பதை மட்டும்தான்.

அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டால் போதும். "கோப்பையில அந்தத் திறப்பு அகலத்துக்குள்ள எத்தனை தடவை போகுது?" அவர் கையை நீட்டி அளக்கிறார். "ரெண்டரைக்கு மேல." "உங்க படத்துல?" பென்சிலைத் தாளில் வைத்துப் பார்க்கிறார். "ஒண்ணரைதான் போகுது." அவ்வளவுதான், நீங்கள் நகர்ந்துவிடலாம். தவறு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை, எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. அடுத்த கோப்பையில் நீங்கள் வருவதற்கு முன்பே அவர் கை நீளும்.

அவர் பழைய கோட்டை அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். விரிந்த வாய் அப்படியே இருக்கட்டும், உள்ளே சரியான வாயைச் சற்று அழுத்தமாகப் போடட்டும். இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் தன் கண் எவ்வளவு விரித்தது என்று அவருக்குத் தெரியும். அழித்துவிட்டால் அந்தச் செய்தியும் அழிந்துபோகும். சில ஆசிரியர்கள் ரப்பரைப் பிடுங்கிவைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுங்குகிற ஆளிடமிருந்து கைத்தடியைப் பறிப்பானேன்? ரப்பர் மேசையில் கிடக்கட்டும். இரண்டாம் கோடு போட்ட பிறகு தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று வரிசையை மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலும் அதற்குள் மறந்துபோவார்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். நாம் எங்கே நிற்கிறோம்?

அதே கோப்பை, அதே பெண். நீங்கள் அவருக்குப் பின்னால் அரை மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். உட்கார்ந்திருக்கும் அவர் கண்ணைவிட உங்கள் கண் 45 சென்டிமீட்டர் மேலே என்று வைத்துக்கொள்வோம். ஆக, விளிம்பிலிருந்து 85 சென்டிமீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் தூரம். அங்கிருந்து அந்த வாய் உங்களுக்கு 8க்கு 4 என்று தெரியும். அவர் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தால் நாலுக்குச் சற்று மேலேயே போகும். அவருடைய இருக்கையில் அது 8க்கு 3. (கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு கோப்பையை வைத்து, உட்கார்ந்தும் எழுந்தும் பென்சிலால் அளந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.)

என்ன நடக்கிறது என்று புரிகிறதா? அவர் பொறுமையாக அளந்து, தன் கண்ணை நம்பாமல் பென்சிலை நம்பி, 8க்கு 3 என்று சரியாக வரைந்திருக்கிறார். நீங்கள் பின்னாலிருந்து பார்த்து, "வாயை இன்னும் கொஞ்சம் திறக்கணும்" என்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் இடத்திலிருந்து அது உண்மை. ஆனால் அவர் எந்தப் பிழையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தாரோ, அதே பிழைக்குள் அவரைத் திருப்பித் தள்ளுகிறீர்கள். தைரியமுள்ளவர் "இங்கேருந்து அப்படித் தெரியலையே" என்பார். பயந்தவர் ஒரு சொல் சொல்லமாட்டார். அழித்துவிட்டு நீங்கள் சொன்னபடி வரைவார். தன் அளவும் தவறு, தன் கண்ணும் தவறு என்று முடிவு கட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு அளக்கச் சொன்னால் அளப்பது போல் கையை நீட்டுவார், ஆனால் உங்களுக்காகக் காத்திருப்பார்.

ஆகவே திருத்தம் சொல்வதற்கு முன் அவர் நாற்காலியில் உட்காருங்கள். அவரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். உங்கள் கண் அவர் கண் இருந்த இடத்துக்கு வரட்டும். நீங்கள் உயரமானவர் என்றால் சற்றுத் தாழ்த்திக்கொள்ளுங்கள். கூடம் நிறைந்த வகுப்பில் ஒவ்வொருவரிடமும் இதைச் செய்ய முடியாதுதான். முடியாத நாளில் கேள்வி மட்டும் கேளுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள். எத்தனை தடவை போகுது என்ற கேள்வி எங்கே நின்று கேட்டாலும் செல்லும், ஏனென்றால் அளக்கப்போவது அவர். எழுந்து நிற்கும்போது அவருக்கும் ஒரு லாபம் உண்டு. தன் படத்தைத் தூரத்திலிருந்து, பொருளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். நாம் ஒன்றும் சொல்லாமலே பாதித் திருத்தங்கள் அங்கேயே அவர் கண்ணில் படும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, தாள் படுத்திருப்பது. மேசையில் தட்டையாகத் தாளை வைத்துக் குனிந்து வரையும்போது, தாளின் மேல்பாதி கண்ணுக்குத் தூரமாகவும் ஒடுங்கியும் தெரிகிறது. அதைச் சரிக்கட்டக் கை மேல்கீழாக நீட்டி வரைந்துவிடும். தூக்கி நிறுத்திப் பார்த்தால் கோப்பை நெட்டையாக, வாய் இன்னும் விரிந்து நிற்கும். இதை அவர் தன் திறமையின் கணக்கில் எழுதிக்கொள்கிறார். மடியில் ஓர் அட்டையை வைத்து மேசை விளிம்பில் சாய்த்துக் கொடுத்தால் பிழையில் ஒரு பகுதி தானாகவே போய்விடும். வகுப்பு தொடங்கும் முன் செய்யக்கூடிய வேலை இது. அப்படியிருந்தும் எத்தனையோ வகுப்புகளில் இன்னும் தாள் படுத்தேதான் இருக்கிறது.

அவர் தாளில் நீங்கள் கோடு போடாதீர்கள். ஒரே ஒரு கோடுதான் என்றாலும் வேண்டாம். நம் கோடு அழுத்தமாக, தயக்கமில்லாமல் விழும். அதற்குப் பக்கத்தில் அவருடையது எல்லாம் அழுக்காகத் தெரியும். படம் அவருடையதாக இருப்பதும் அத்தோடு முடிந்தது. காட்டியே ஆக வேண்டும் என்றால் உங்கள் நோட்டில் வரைந்து காட்டுங்கள், அல்லது அவர் படத்தின்மேல் ஒரு மெல்லிய டிரேசிங் தாளை வைத்து வரைந்துவிட்டு அதை எடுத்துவிடுங்கள்.

பாராட்டைப் பற்றியும் ஒரு சொல். "அருமை!" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பேசாமல் கடந்து போனால், அந்த மௌனமும் ஒரு மதிப்பெண்தான். பயந்தவர்களின் காது அதற்காகத்தான் தீட்டியிருக்கிறது. பாராட்டு கிடைத்தவருக்கும் அது சுமையாகிறது. அடுத்த படமும் அருமையாக வர வேண்டுமே என்று கை இறுகும். பார்த்ததைச் சொல்லுங்கள், அது போதும். "அடிவளைவு வாயைவிடக் கொஞ்சம் கூடுதலா வந்திருக்கு, அளந்தீங்களா?" இதைவிட நல்ல பாராட்டு அவருக்குக் கிடைக்காது, ஏனென்றால் ஆம் என்று சொல்ல அவரிடம் ஆதாரம் இருக்கிறது.

அளவெடுப்பதற்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கவில்லை. எல்லாவற்றையும் அளக்கத் தொடங்கினால் கோடு கட்டையாகிவிடும். சிலர் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் அளந்து அதற்குள்ளேயே ஒளிந்துகொள்வார்கள், அதுவும் பயத்தின் வேறொரு வேடம்தான். கோப்பைக்கு மூன்று அளவு போதும். மொத்த உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், வாயின் திறப்பு, அடியின் வளைவு. மற்றதைக் கண்ணால் வரையட்டும். முதலில் கண்ணால் வரைவது, பிறகு அளந்து பார்ப்பது என்ற வரிசையை மாற்ற விடாதீர்கள். அளந்துவிட்டு வரைந்தால் கண் வேலை செய்யாது. வரைந்துவிட்டு அளந்தால், தன் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒவ்வொரு முறையும் தெரிந்துகொண்டே வரும், சாய்வும் குறைந்துகொண்டே வரும். காலப்போக்கில் பென்சிலை நீட்டுவது தானாகக் குறையும், நாம் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, வகுப்பு முடிவில் எல்லாப் படங்களையும் சுவரில் வரிசையாக ஒட்டி விமர்சிக்கும் வழக்கம். ஓவியக் கல்லூரியில் அதற்கு இடம் உண்டு. பயந்து வந்தவர்கள் இருக்கும் வகுப்பில் முதல் ஆறு அமர்வுகளுக்காவது அதை நிறுத்தி வையுங்கள். சுவரில் மாட்டப்படும் என்று தெரிந்தால் அவர் பக்கத்துப் படத்தைப் பார்த்து வரைவார், கோப்பையைப் பார்த்து வரையமாட்டார். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் தாளின் பின்பக்கத்தில் தேதியும், அன்று அளந்த மூன்று விகிதங்களும், முதலில் கண்ணால் வரைந்தபோது வந்த விகிதங்களும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். 8க்கு 5 என்று தொடங்கியவர் நான்காவது வாரத்தில் 8க்கு 4 என்று கண்ணாலேயே வரைந்திருந்தால், அதை அவருக்கு எடுத்துச் சொல்ல நாம் தேவையில்லை, தாளைத் திருப்பினால் போதும். ஆறு அமர்வுக்குப் பிறகு சுவரில் மாட்ட யாராவது தாங்களாகவே கேட்டால் மாட்டுங்கள். கேட்காதவரின் தாளைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஓவிய வகுப்பு நடத்தும் ஒருவன்